ஹேண்டோவருக்குப் பிறகு வாரண்டி காலம்: எது இலவசம், எதற்குக் கட்டணம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ வெப்சைட், ஆப் செய்து கொடுப்பவர்களுக்கான பக்கம் இது. பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ரெடிமேடும் சேலையும் விற்கும் ஒரு கடைக்கு ஆன்லைன் ஸ்டோர் செய்து கொடுத்திருக்கிறீர்கள். மொத்தத் தொகை ₹1,80,000. ஹேண்டோவரும் கிளையன்ட் ‘சரி’ என்று எழுதியதும் 2025 செப்டம்பர் 1. வாரண்டி 60 நாள். கூடுதல் வேலைக்கு மணிக்கு ₹800. கடையும் தொகையும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வரி விகிதங்களும் அவை மாறிய தேதியும் உண்மையானவை.

வாரண்டியை எந்த நாளிலிருந்து கணக்கு வைப்பது? எத்தனை நாள் கொடுக்கலாம்?

கிளையன்ட் சோதித்துப் பார்த்து ‘சரி’ என்று எழுத்தில் சொன்ன நாள்தான் முதல் நாள். சைட் லைவ் போன நாளையோ கடைசித் தவணை வந்த நாளையோ தொடக்கமாக வைத்தால் பிரச்சினை வரும். பணம் தாமதமானால் வாரண்டியும் அதோடு நகர்ந்துகொண்டே போகும்.

‘சரி’ என்ற பதிலே வராத கிளையன்ட்டும் உண்டு. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: ஒப்படைத்து 7 வேலை நாளுக்குள் எழுத்தில் குறை எதுவும் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும்.

சின்ன வெப்சைட்டுக்கு 30 நாள் போதும். பில், ஸ்டாக், பணப் பரிவர்த்தனை உள்ள சிஸ்டத்துக்கு 60 நாளாவது கொடுங்கள். மாதக் கடைசிக் கணக்கு, ரிட்டர்ன் வந்த ஆர்டர், ஒரே கூப்பனை இருவர் ஒரே சமயத்தில் போடுவது போன்றவை முதல் மாதத்தில் தலைகாட்டாமலே போகலாம். முடியும் நாளை ‘60 நாள்’ என்று மட்டும் எழுதாமல் தேதியாகவே எழுதுங்கள். நம் உதாரணத்தில் செப்டம்பர் 1-ஐயும் சேர்த்து எண்ணினால் அக்டோபர் 30.

எது பக், எது புது வேலை? ஒரு வரியில் பிரிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒப்புக்கொண்ட ஆவணம் சொல்வதை சைட் செய்யவில்லையென்றால் அது பக், இலவசம். ஆவணம் சொல்வதை சைட் சரியாகச் செய்கிறது, கிளையன்ட்டுக்கு இப்போது வேறு மாதிரி வேண்டும் என்றால் அது புது வேலை.

மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான சண்டைகள் அதில்தான் வருகின்றன. நீங்களும் தவறு செய்யவில்லை, கிளையன்ட்டும் புதிதாக எதுவும் கேட்கவில்லை, ஆனால் வெளியே ஏதோ மாறிவிட்டது. ஹோஸ்டிங்காரர் பிஎச்பி பதிப்பை ஏற்றியிருப்பார், பிளகின் தானாக அப்டேட் ஆகியிருக்கும், அரசு வரியை மாற்றியிருக்கும். இது பராமரிப்பு. வாரண்டிக்குள் இது வராது என்று ஒப்பந்தத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கிளையன்ட்டின் பார்வையில் ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்பது மட்டும்தான் தெரியும். அவர் பக் என்று நினைப்பதில் தப்பில்லை.

“அதெல்லாம் எழுதணுமா சார், அடிப்படை விஷயம்தானே” என்கிறார். ஆவணத்தில் அந்த வரி இல்லை. என்ன செய்வது?

அவர் சொல்வது சில நேரம் நியாயம். ஆவணத்தில் எழுதிய ஒன்று நடக்கவேண்டுமென்றால் கூடவே எது நடந்தாக வேண்டுமோ, அதுவும் எழுதியதாகவே கணக்கு.

தமிழ் பில்லை எடுத்துக்கொள்வோம். ‘பில் பிடிஎஃப்பில் வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் தமிழில் வரலாம்’ என்று ஆவணத்தில் இருக்கிறது. எந்த ஃபான்ட் என்று யாரும் எழுதவில்லை. பில்லில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது ‘கை’ என்ற எழுத்தில் ஐகாரக் குறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட்டைப் பற்றிப் பேசவில்லை என்று தப்பிக்க முடியாது. தமிழில் வரும் என்று ஒப்புக்கொண்டால் படிக்கிற மாதிரி வரும் என்றுதான் பொருள். இது பக், இலவசம்.

மதிப்பிடுவதற்கு முன் எந்தக் கோளாறு என்று பாருங்கள், நேரம் பெரிதும் வேறுபடும். கட்டம் வந்தால் அந்த ஃபான்ட்டில் தமிழ் எழுத்துகளே இல்லை. தமிழ் உள்ள ஃபான்ட்டைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் முடியலாம். எழுத்து வருகிறது, ஆனால் குறிகள் இடம் மாறி நிற்கின்றன என்றால் பிடிஎஃப் லைப்ரரி குறிகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை. `dompdf` அப்படித்தான், ஃபான்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. `mPDF` போன்றதற்கு மாறி அந்த ஃபான்ட்டுக்கு `useOTL` அமைப்பைப் போட வேண்டும். பில் டெம்ப்ளேட்டையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஒன்றிரண்டு நாள் போகும். அதையும் இலவசமாகத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். பிரவுசரில் தமிழ் சரியாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டுப் பிடிஎஃப்பைச் சோதிக்காமல் விடுவதால்தான் இது ஹேண்டோவருக்குப் பிறகு வெளியே வருகிறது.

அதே கிளையன்ட் ‘பில்லில் எங்கள் கடை எழுத்து வடிவம் வேண்டும்’ என்றால் அது புது வேலை. படிக்க முடிவது கடமை. அழகை மாற்றுவது தனி.

ஜி.எஸ்.டி. மாறிவிட்டது. “உங்க சைட் தப்பா வரி போடுது, வாரண்டியில சரி பண்ணுங்க” என்கிறார்கள். இது யார் செலவு?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே புகாருக்குள் இரண்டு வகையும் கலந்திருக்கும்.

2025 செப்டம்பர் 21 வரை ரெடிமேட் துணிக்கு ஒரு பீஸ் ₹1,000 வரை 5%, அதற்கு மேல் 12%. செப்டம்பர் 22 முதல் ₹2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. ஆக விகிதம் மட்டும் மாறவில்லை, விலை எல்லையும் மாறியது. சேலை துணி வகையில் சேர்வதால் அதற்கு இந்த விலை எல்லை கிடையாது, 5% தான்.

கடைக்காரர் அட்மின் பக்கத்துக்குப் போய் 12 என்று இருந்ததை 18 ஆக்கினார். அடுத்து ₹2,200 சுடிதார் செட்டுக்கு ₹396 வரி விழுந்தது. விழுந்திருக்க வேண்டியது ₹110. ஒரு பீஸுக்கு ₹286 அதிகம். காரணம், ₹1,000 என்ற எல்லை கோடுக்குள் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. அட்மினில் அதற்கு இடமே இல்லை.

இப்போது ஆவணத்தைத் திறங்கள். ‘வரி விகிதத்தையும் விலை எல்லையையும் கடையே மாற்றிக்கொள்ளலாம்’ என்று இருந்தால், எல்லையை கோடில் புதைத்தது உங்கள் தவறு. அட்மினில் அந்தப் புலத்தைக் கொண்டுவருவது இலவசம். அது வந்த பிறகு 2,500 என்று நிரப்புவது கடையின் வேலை. போனில் ஒரு முறை காட்டிக்கொடுத்தால் போதும்.

‘வரி விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம்’ என்று மட்டும் இருந்தால், விகிதத்தை மாற்ற முடிகிறது. சொன்னது நடக்கிறது. விலை எல்லை மாறியது சட்டத்தால். அது கட்டணப் பணி. புலம் சேர்ப்பது, பழைய ஆர்டர்களின் பில்லைத் திறந்தால் பழைய வரியே நிற்கிறதா என்று பார்ப்பது, கூப்பன் தள்ளுபடியோடு சோதிப்பது எல்லாம் சேர்த்து 5 மணி நேரம் என்றால் ₹4,000. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவரானால் மேலே 18%.

ஆவணத்தில் வரி பற்றி ‘ஜி.எஸ்.டி. கணக்கிடும்’ என்று மட்டும் இருந்தால்? ஒப்படைத்த நாளின் சட்டப்படி சரியாகக் கணக்கிட்டதா என்பதே அளவுகோல். செப்டம்பர் 1 அன்று சரியாக இருந்தது என்றால் இது பராமரிப்பு. ஆனால் எந்த நிலையிலும் பணம் பேசி முடியும்வரை தப்பான வரியோடு விற்க விடாதீர்கள். கோடில் அந்த எண்ணை உடனே 2,500 ஆக மாற்றிவிட்டு, ‘இது தற்காலிகம், முழுப் பணிக்கு மதிப்பீடு அனுப்புகிறோம்’ என்று எழுதுங்கள். தப்பாக வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுப்பதும் கணக்கைத் திருத்துவதும் கடைக்குப் பெரிய தலைவலி. அதை நிறுத்தும் ஐந்து நிமிட வேலையைப் பேரம் பேசும் ஆயுதமாக வைத்திருப்பது சரியல்ல.

ஹேண்டோவருக்குப் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். எப்படி நிரூபிப்பது?

ஹேண்டோவர் அன்றே செய்து வைத்திருந்தால் எளிது. அன்று லைவில் இருக்கும் கோடுக்கு ஒரு டேக் போடுங்கள்:

```
git tag -a handover-2025-09-01 -m "handover"
git push origin handover-2025-09-01
```

புகார் வந்தால் சர்வரில் அதோடு ஒப்பிடுங்கள்:

```
git diff --stat handover-2025-09-01
git status --short
```

முதல் கட்டளை எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று காட்டும். இரண்டாவது, கிட்டுக்குத் தெரியாமல் புதிதாக வைக்கப்பட்ட ஃபைல்களையும் காட்டும். நீங்களே வாரண்டியில் திருத்தியவையும் இந்தப் பட்டியலில் வரும், அவற்றைக் கழித்துப் பாருங்கள்.

கோடு மட்டும் போதாது. செட்டிங்ஸ் டேட்டாபேஸில் இருக்கிறது, அது கிட்டில் வராது. அதனால் அன்றைய டேட்டாபேஸ் டம்ப் ஒன்றும், பேமெண்ட், எஸ்எம்எஸ், ஷிப்பிங் செட்டிங்ஸ் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள். ரகசியச் சாவிகள் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.

அடிக்கடி வருவது இது: ‘பணம் போயிடுச்சு, ஆர்டர் பெண்டிங்லயே நிக்குது.’ நேற்றுவரை சரியாக இருந்து, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எல்லா ஆர்டரும் நின்றால் வெப்ஹூக் சாவியைப் பாருங்கள். கடையில் யாரோ பேமெண்ட் கேட்வே டாஷ்போர்டில் புதுச் சாவி உருவாக்கியிருப்பார்கள். சைட்டில் பழையதுதான் இருக்கும். பணம் வந்ததாக கேட்வே அனுப்பும் தகவலை, கையொப்பம் பொருந்தாததால் சர்வர் நிராகரிக்கும், லாகில் வரிசையாக அதே பிழை தெரியும். இது பக் இல்லை. மாறாக, பத்தில் ஒரு ஆர்டர் மட்டும் நிற்கிறதென்றால் சாவியைக் குறை சொல்ல முடியாது. ஒரே தகவல் இருமுறை வருவதையோ தாமதமாக வருவதையோ உங்கள் கோடு சமாளிக்கவில்லையா என்று பாருங்கள். அது உங்கள் பொறுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

யாரோ ஒரு ஃபைலைத் தொட்டார்கள் என்பதற்காக மொத்த வாரண்டியும் ரத்து என்று சொல்லாதீர்கள். தொட்ட பகுதிக்கும் அதனால் கெட்டதற்கும் மட்டும் வாரண்டி இல்லை. செக்கவுட் பக்கத்தை மாற்றினால் தமிழ் பில்லின் வாரண்டி எப்படிப் போகும்?

“ஒரு வார்த்தை மாத்துறதுக்கெல்லாம் காசா?” என்று கேட்கிறார்கள். சின்ன வேலைகளை என்ன செய்வது?

வார்த்தை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேனரில் இருந்தால் கடையே மாற்றிக்கொள்ளலாம், வழியைக் காட்டிவிடுங்கள்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் இருந்தால் கதை வேறு. இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகம் டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். மாறக்கூடிய இடங்கள் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். மற்ற எழுத்துகள் பதிவில் உள்ளபடியே போக வேண்டும். கடையின் பெயருக்கு முன்னால் ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று கோடில் சேர்த்துவிட்டால், பதிவோடு பொருந்தாத செய்தியை டெலிகாம் நிறுவனமே தடுத்துவிடும். எஸ்எம்எஸ் சேவையோ உங்கள் கோடுக்கு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் கொடுத்திருக்கலாம். டெலிவரி ரிப்போர்ட்டைத் திறந்தால்தான் தோல்வி தெரியும். அதற்குள் யாருக்கும் ஓடிபி போகாமல் கடை ஆர்டரை இழந்திருக்கும். எனவே இது புதுப் பதிவு, ஒப்புதலுக்குக் காத்திருப்பு, புது டெம்ப்ளேட் எண்ணை மாற்றுவது, சோதனை என்று நான்கு படி வேலை. பதிவு கடையின் பெயரில் இருப்பதால் விண்ணப்பத்தை அவர்கள் போட வேண்டும். உங்கள் பங்கு ஒரு மணி நேரம், ₹800.

உண்மையிலேயே பத்து நிமிட வேலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஒரு பை வையுங்கள்: வாரண்டி காலத்தில் மொத்தம் 3 மணி நேரம் சின்ன மாற்றம் இலவசம். ஒவ்வொன்றையும் செய்தவுடன் ‘20 நிமிடம், மீதி 2 மணி 40 நிமிடம்’ என்று எழுதி அனுப்புங்கள். எழுதாமல் செய்துகொடுக்கும் உதவி அடுத்த முறை உரிமையாக மாறுகிறது. குறைந்துவரும் எண்ணைப் பார்க்கிற கிளையன்ட் எதைக் கேட்பது என்று தானே யோசிப்பார்.

ஒரே மெயிலில் ஐந்து விஷயம் கலந்து அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பதில் எழுதுவது?

பதில் எழுதுவதற்கு முன், ஒவ்வொன்றையும் நீங்களே செய்து பாருங்கள். உங்களால் வரவழைக்க முடியாததற்கு ஆர்டர் எண், நேரம், போன் மாடல், ஸ்கிரீன்ஷாட் நான்கையும் கேளுங்கள். பிறகு ஒரே பதிலில், வகை பிரித்து, இலவசமானதை முதலில் வைத்து எழுதுங்கள். காசு பேச்சு முதலில் வந்தால் மீதியை அவர்கள் படிப்பதில்லை.

> வணக்கம் சார். நேற்று அனுப்பிய ஐந்தையும் பார்த்தோம்.
>
> தமிழ் பில் எழுத்து உடைவது எங்கள் பக்கத்துப் பிழை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகிவிடும், கட்டணம் இல்லை.
>
> விலை எல்லையை அட்மினில் மாற்ற முடியாததும் எங்கள் பிழை (ஆவணம் 4.3). அதுவும் கட்டணம் இல்லை. இப்போதைக்கு ₹2,500 என்று நாங்களே வைத்துவிட்டோம்.
>
> ஆர்டர் பெண்டிங்கில் நிற்பது, பேமெண்ட் டாஷ்போர்டில் 23-ஆம் தேதி சாவி மாறியதால். புதுச் சாவியை அட்மினில் எங்கே போடுவது என்று படம் இணைத்திருக்கிறோம்.
>
> ஓடிபி வாசகம் மாற்றுவதும் வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் பட்டனும் ஆவணத்தில் இல்லாதவை. முதலாவது ₹800, இரண்டாவது ₹9,600 (12 மணி நேரம்), ஜி.எஸ்.டி. தனி. வேண்டுமென்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள், அதன் பிறகு தொடங்குகிறோம்.

‘உங்கள் தவறு’ என்ற சொல் இதில் எங்கும் இல்லை. தேதியும் நடந்ததும் மட்டும் இருக்கிறது. சாவியை மாற்றியவர் கடைக்காரரின் மகனாகக்கூட இருக்கலாம்.

பக் இல்லை என்று கண்டுபிடிக்கவே மூன்று மணி நேரம் போனது. அதற்குக் கேட்கலாமா?

முன்பே எழுதியிருந்தால் கேட்கலாம். ஒரு புகாருக்கு முதல் 30 நிமிடத் தேடல் எப்போதும் இலவசம், அதற்குமேல் போகும் என்று தெரிந்தால் நிறுத்தி, ‘இது எங்கள் பக்கத்துப் பிழையாக இருந்தால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் மணிக்கு ₹800, தொடரலாமா?’ என்று கேளுங்கள். தேடி முடித்த பிறகு பில் அனுப்பினால் வசூலாகாது, உறவும் கெடும்.

வாரண்டி நடக்கும்போதே கட்டண வேலையும் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராதா?

ஒன்றாக ஏற்றினால் வரும். வாட்ஸ்அப் பட்டனையும் பில் திருத்தத்தையும் ஒரே நாளில் லைவில் போட்டு, மறுநாள் பில் வராமல் போனால் எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது. திருத்தத்துக்கு ஒரு பிராஞ்ச், புது வேலைக்கு வேறு பிராஞ்ச். திருத்தம் முதலில் லைவுக்குப் போய் இரண்டு மூன்று நாள் நிற்கட்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. துணிக்கடை சைட் என்றால் அதற்கு முந்தைய பத்து நாளில் புது வேலை எதையும் ஏற்றாமல், ஆர்டரைத் தடுக்கும் பக் மட்டும் பார்ப்பது நல்லது.

புது வேலைக்கு அதன் சொந்த வாரண்டி, அது ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள். பழைய 60 நாள் அதனால் நீளாது. இதை மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகப் போடுங்கள்.

கடைசி நாள் இரவு புகார் வருகிறது. அல்லது சரிசெய்தது இரண்டு வாரத்தில் திரும்பக் கெடுகிறது. அப்போது?

எழுத்தில் வந்த தேதிதான் கணக்கு. அக்டோபர் 30 இரவு 11 மணிக்கு மெயில் வந்தால் வாரண்டிக்குள் வந்தது, சரிசெய்ய நவம்பர் ஆனாலும் இலவசம். ஆனால் ‘இன்னும் சில பிரச்சினை இருக்கு, அப்புறம் சொல்றேன்’ என்ற மெயிலைப் புகாராக எடுக்க முடியாது. எது, எங்கே என்று இருக்க வேண்டும். அக்டோபர் 20-ஐ ஒட்டி நினைவூட்டல் அனுப்பினால் கடைசி இரவுக் கூட்டம் குறையும். தீபாவளி நாளைத் தவிர்த்து 23, 24-இல் அனுப்புங்கள்.

சரிசெய்த அதே பிழை திரும்பி வந்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் திருத்திய நாளிலிருந்து 15 நாள்வரை இலவசமாகப் பாருங்கள். நீங்கள் எழுதிய கோடில் பிறர் தகவலைப் பார்க்க விடும் ஓட்டை தெரியவந்தால் தேதி பார்க்க வேண்டாம், உடனே அடையுங்கள்.

ஒப்பந்தமே போடவில்லை. கொட்டேஷனும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அவைதான் உங்கள் ஆவணம். கொட்டேஷன், அவர்கள் ‘ஓகே’ சொன்ன டிசைன் படங்கள், டெமோவுக்குப் பிறகு அனுப்பிய பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தொகுத்து, ‘நாம் பேசி முடித்தது இவை, வாரண்டி இந்தத் தேதிவரை, விட்டுப்போனது இருந்தால் 3 நாளில் சொல்லுங்கள்’ என்று அனுப்புங்கள். முதல் சண்டைக்கு முன்னால் அனுப்பினால் ஏற்பார்கள். சண்டைக்கு நடுவில் அனுப்பினால் தப்பிக்கும் வழியாகத் தெரியும்.

கடைசி 10% தொகையை வாரண்டி முடியும்வரை நிறுத்தி வைக்கிறார்கள். புது வேலை செய்து கொடுத்தால்தான் தருவேன் என்கிறார்கள்.

நம் உதாரணத்தில் அது ₹18,000. ‘திருப்தியானதும் தரப்படும்’ என்று ஒப்புக்கொண்டிருந்தால் கை கட்டுப்பட்டதுபோல்தான். அடுத்த திட்டத்தில் இப்படி எழுதுங்கள்: அக்டோபர் 31 அன்று தொகை தரப்படும். அன்று திருத்தப்படாத பக் இருந்தால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு மட்டும் நிறுத்தி வைக்கப்படும்.

இப்போது மாட்டிக்கொண்டிருந்தால் அந்தப் புது வேலையை இனாமாகச் செய்யாதீர்கள், அது அடுத்த இனாம் கோரிக்கைக்கு வழி திறக்கும். வாரண்டியில் வந்த புகார்கள் அனைத்தையும் எண், வந்த தேதி, வகை, முடித்த தேதியோடு ஒரு ஷீட்டில் அனுப்புங்கள். இலவசமாகச் செய்தவற்றுக்கு எதிரே மணி நேரத்தையும் ₹0 என்றும் எழுதுங்கள். பக் பட்டியலில் எதுவும் மீதியில்லை என்பது தெரிந்தபின், நிலுவைத் தொகைக்கான இன்வாய்ஸையும் புது வேலைக்கான மதிப்பீட்டையும் இரண்டு தனி மெயிலாக அனுப்புங்கள். ஒன்றாக அனுப்பினால் இரண்டையும் சேர்த்தே பேரம் பேசுவார்கள்.